பிறந்த நாடும் வாழும் நாடும்: எகிப்தியன் டெல்டா நில நிறுவன வழக்கும் நிறுவனங்களின் வசிப்பிடக் கோட்பாடும் (1876–1988)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நாட்டின் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனம் தன் தலைமையிடத்தையும் தொழிலையும் வேறொரு நாட்டில் வைத்துக்கொள்வது இன்று பெரும்பாலும் வரி ஏய்ப்பின் அடையாளமாகவே பார்க்கப்படுகிறது. லண்டனில் பதிவாகிக் கெய்ரோவிலிருந்து நடத்தப்பட்ட 'எகிப்தியன் டெல்டா லேண்ட் அண்ட் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி'யின் வழக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. பதிவும் வசிப்பிடமும் வெவ்வேறானவை என்ற பிரிவினை வரி மிகக் குறைவாக இருந்த காலத்திலேயே, வேறு காரணங்களுக்காக உருவாயிற்று என்பதும், அதன் வரிப்பயன் பின்னரே பெரிதாயிற்று என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நிறுவனச் சட்டம், வசிப்பிடம், மைய நிர்வாகம், பிரித்தானிய வருமான வரி, எகிப்து, வரிப்புகலிடம்.

வினாவின் தோற்றம்

மனிதனுக்குப் பிறந்த ஊர் ஒன்றும் வாழும் ஊர் ஒன்றுமாக இருப்பதில் வியப்பில்லை. நிறுவனத்தின் நிலை வேறு. அது உண்பதில்லை, உறங்குவதில்லை. அதற்கு உடல் இல்லை. சட்டம் கொடுத்த பெயரும் பதிவேட்டில் ஒரு வரியுமே அதன் இருப்பு. அப்படியானால் அது எங்கே 'வசிக்கிறது'? பிரித்தானிய வருமான வரிச் சட்டம் 'ஐக்கிய இராச்சியத்தில் வசிக்கும் நபர்' என்ற சொற்களை மனிதரை மனத்தில் வைத்தே எழுதியது. நிறுவனமும் சட்டத்தின் கண்ணில் 'நபர்' என்று ஆனபின், வசிப்பிடம் என்ற சொல்லுக்கு நிறுவனத்தைப் பொறுத்தவரை பொருள் காணும் வேலை நீதிபதிகள் தலையில் விழுந்தது. சட்டமன்றம் அதை நெடுங்காலம் வரையறுக்கவில்லை. அந்த மௌனத்திலிருந்தே இங்கு பேசப்படும் வரலாறு தொடங்குகிறது.

முதல் விடை 1876இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றப் பிரிவிலிருந்து வந்தது. ஒன்றாக விசாரிக்கப்பட்ட இரண்டு வழக்குகளில் ஒன்று கல்கத்தா சணல் ஆலை நிறுவனத்துடையது. மற்றது இத்தாலியின் செசெனாப் பகுதியில் கந்தகச் சுரங்கம் நடத்திய நிறுவனத்துடையது. முன்னதன் ஆலை வங்காளத்தில் இருந்தது. பின்னதன் சுரங்கமும் பங்குதாரரில் பெரும்பாலோரும் இத்தாலியில் இருந்தனர். இரண்டுமே இங்கிலாந்தில் பதிவானவை. இரண்டின் இயக்குநர் குழுவும் லண்டனில் கூடியது. தொழில் எங்கு நடந்தாலும் அதைக் குறித்த முடிவுகள் லண்டனில் எடுக்கப்பட்டதால் நிறுவனங்களும் லண்டனில் வசிக்கின்றன என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றின் முழு இலாபத்துக்கும் பிரித்தானிய வரி விதிக்கப்பட்டது. ஆயினும் இவ்விரு வழக்குகளிலும் பதிவும் நிர்வாகமும் ஒரே நகரில் இருந்தமையால், இரண்டில் எது உண்மையான அளவுகோல் என்ற கேள்வி எழவில்லை.

அந்தக் கேள்வி 1906இல் டி பீர்ஸ் வழக்கில் எழுந்தது. டி பீர்ஸ் கன்சாலிடேட்டட் மைன்ஸ் 1888இல் கேப் குடியேற்றத்தில் பதிவான நிறுவனம். அதன் வைரச் சுரங்கங்கள் கிம்பர்லியில் இருந்தன; தலைமை அலுவலகமும் பங்குதாரர் பொதுக்கூட்டமும் அங்கேயே. ஆனால் இயக்குநர்களில் பெரும்பான்மையோர் இங்கிலாந்தில் வாழ்ந்தனர். வைர விற்பனை ஒப்பந்தங்கள், இலாபத்தைப் பயன்படுத்தும் முறை, சுரங்க வளர்ச்சி ஆகியவை குறித்த முக்கிய முடிவுகள் லண்டன் கூட்டங்களில் எடுக்கப்பட்டன. பிரபுக்கள் சபையில் லார்ட் லோர்பர்ன் வழங்கிய தீர்ப்பு, நிறுவனத்தின் மைய நிர்வாகமும் கட்டுப்பாடும் உண்மையில் எங்கு நிலைகொண்டுள்ளனவோ அங்குதான் அது வசிக்கிறது என்றது. வெளிநாட்டுப் பதிவு டி பீர்சைக் காப்பாற்றவில்லை.

வரித்துறைக்கு இது பெரிய வெற்றி. ஆனால் அதே விதியைத் திருப்பிப் போட்டால் என்னாகும் என்பதை அன்று எவரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை. வெளிநாட்டில் பதிவான நிறுவனத்தை லண்டன் நிர்வாகம் உள்ளே இழுக்குமானால், லண்டனில் பதிவான நிறுவனத்தை வெளிநாட்டு நிர்வாகம் வெளியே கொண்டுபோகுமா?

லண்டன் ஏன், கெய்ரோ ஏன்

எகிப்தியன் டெல்டா லேண்ட் அண்ட் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி 1904இல் லண்டனில் பதிவாயிற்று. எகிப்தில் நிலம் வாங்குவதும், அதை மேம்படுத்தி விற்பதும், வாடகைக்கு விடுவதும் அதன் தொழில். கெய்ரோவுக்குத் தெற்கே, நைல் நதியின் கிழக்குக் கரையில், ஹெல்வான் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி எழுந்த மஆதி என்னும் புறநகர் அதன் கைவண்ணமே. வயல்வெளியாகக் கிடந்த நிலத்தில் தெருக்களை வகுத்து, மனைகளாகப் பிரித்து, கட்டட விதிகளுடன் விற்றது இந்நிறுவனம். இன்றும் கெய்ரோவின் மரநிழல் மிகுந்த வசதியான பகுதிகளுள் ஒன்றாக மஆதி அறியப்படுகிறது.

நிலம் முழுவதும் எகிப்தில் இருக்க, பதிவுக்கு லண்டன் எதற்கு? இதற்கு வரியைத் தாண்டிய விளக்கங்கள் உள்ளன. அன்றைய எகிப்திய வணிகச் சட்டத்தின்படி கூட்டுப்பங்கு நிறுவனம் ஒன்றைத் தொடங்க ஆட்சியாளரான கெதிவின் ஒப்புதல் வேண்டும். இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி எழுவர் ஆவணத்தில் கையொப்பமிட்டுப் பதிவாளரிடம் அளித்தால் போதும். எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை. பங்குதாரரின் பொறுப்பு அவர் வாங்கிய பங்கின் அளவோடு நின்றுவிடும் என்ற உறுதி அங்கு எளிதாகக் கிடைத்தது. முதலீடு திரட்டும் சந்தையும் லண்டன்தான். தனக்குப் பழக்கமான சட்டத்தின்கீழ் அமைந்த நிறுவனத்தின் பங்கையே முதலீட்டாளர் தயங்காமல் வாங்குவார். ஆகவே நிறுவனத்தின் பிறப்புச் சான்றிதழ் என்பது அடிப்படையில் பங்குதாரருக்கும் கடன் கொடுப்போருக்கும் தரப்படும் உறுதிமொழி. எந்த நாட்டு விதிகளின்படி அவர்களுடைய உரிமைகள் தீர்மானிக்கப்படும் என்பதை அது சொல்கிறது. மண்ணைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நிலத்தை வாங்குபவர், குடியிருப்பவர், கூலியாள், ஒப்பந்தக்காரர் ஆகியோருடனான உறவுகள் எகிப்தில் நிகழ்ந்தன. அவற்றை லண்டன் பதிவேடு தொடவில்லை.

1907இல் நிறுவனத்தின் நிர்வாகம் முழுவதும் கெய்ரோவுக்கு மாற்றப்பட்டது. இயக்குநர்கள் கெய்ரோவில் வாழ்ந்தனர், அங்கேயே கூடினர். கணக்குப் புத்தகங்களும் நிறுவன முத்திரையும் அங்கே இருந்தன. லண்டனில் எஞ்சியது சட்டம் விட்டுவிட அனுமதிக்காதவை மட்டுமே: பதிவு அலுவலகம் என்று ஒரு முகவரி, பங்குதாரர் பெயர்ப்பதிவேடு முதலான சில பதிவேடுகள், ஆண்டுதோறும் பதிவாளருக்கு அனுப்பவேண்டிய அறிக்கை.

இம்மாற்றத்தை வரி ஏய்ப்பு என்று உடனே முத்திரை குத்துவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். 20 ஷில்லிங் ஒரு பவுண்டாக இருந்த அக்காலத்தில், 1907இல் பிரித்தானிய வருமான வரி பவுண்டுக்கு 1 ஷில்லிங், அதாவது நூற்றுக்கு 5. 10,000 பவுண்டு இலாபம் ஈட்டிய நிறுவனம் 500 பவுண்டு வரி கட்டியிருக்கும். இதற்காக மட்டும் ஒரு நிறுவனம் தன் முழு நிர்வாகத்தையும் கடல் கடந்து மாற்றியிருக்கும் என்று கொள்வது கடினம். அவ்வாண்டின் வசந்தகாலத்தில் எகிப்தின் நிலச்சந்தையும் பங்குச்சந்தையும் கடும் நெருக்கடியில் வீழ்ந்தன என்பதையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும். மனை விற்பனையும் கடன் வசூலும் அன்றாடம் முடிவு கேட்கும் தொழில். கடிதம் கப்பலில் சென்று திரும்ப வாரக்கணக்கில் ஆகும் நிலையில், நிலத்தை அறிந்தவர்கள் இருக்கும் இடத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரத்தை நகர்த்துவது இயல்பான வணிக அறிவே.

ஆனால் போர் கணக்கை மாற்றிற்று. 1918–19 முதல் 1921–22 வரை பிரித்தானிய வருமான வரி பவுண்டுக்கு 6 ஷில்லிங். முன்சொன்ன அதே 10,000 பவுண்டுக்கு இப்போது 3,000 பவுண்டு வரி. எகிப்திலோ 1939ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம் வரும்வரை இதற்கு ஒப்பான வருமான வரியே இல்லை. வெளிநாட்டவரைக் காத்துநின்ற சலுகை ஒப்பந்தங்கள் 1937இல் மோந்த்ரோ மாநாட்டில் நீக்கப்பட்ட பின்னரே அத்தகைய வரி சாத்தியமாயிற்று. வணிக வசதிக்காகச் செய்யப்பட்ட இடமாற்றம் பதினைந்து ஆண்டுகளுக்குள் பெரும் வரிப்பயன் உடையதாக மாறிவிட்டது. நிறுவனம் எதையும் புதிதாகச் செய்யவில்லை. சுற்றியிருந்த உலகம் நகர்ந்தது. வரித்துறை இப்போதுதான் பதிவேட்டைத் திறந்து, இது இங்கே பிறந்த நிறுவனமாயிற்றே என்று கேட்டது.

சுவீடன் இருப்புப்பாதையும் கெய்ரோ நிலமும்

வரித்துறைக்கு அண்மையில் கிடைத்த ஒரு தீர்ப்பு துணைக்கு இருந்தது. ஸ்வீடிஷ் சென்ட்ரல் ரயில்வே கம்பெனி 1870இல் இங்கிலாந்தில் பதிவானது. சுவீடனில் தான் அமைத்த இருப்புப்பாதையை 1900இல் வேறொரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 33,500 பவுண்டு வாடகைக்குக் குத்தகை விட்டுவிட்டது. 1920இல் விதிகளைத் திருத்தி மைய நிர்வாகத்தைச் சுவீடனுக்கு மாற்றியது. எனினும் லண்டனில் இயக்குநர்கள் மூவர் கொண்ட ஒரு சிறு குழு தொடர்ந்து இயங்கியது. அது பங்கு மாற்றங்களை ஏற்றது, சான்றிதழ்களில் முத்திரையிட்டது, லண்டன் வங்கிக் கணக்கின் காசோலைகளில் கையொப்பமிட்டது. 1925இல் பிரபுக்கள் சபை, ஒரு நிறுவனம் ஒரே நேரத்தில் இரு நாடுகளில் வசிக்க முடியும் என்றும், இந்நிறுவனம் சுவீடனிலும் இங்கிலாந்திலும் வசிக்கிறது என்றும் தீர்ப்பளித்தது. லார்ட் அட்கின்சன் மட்டும் மாறுபட்டார்.

இத்தீர்ப்பைப் படித்த வரித்துறை இரண்டு வகையாகப் பொருள் கொள்ள முடிந்தது. லண்டனில் ஓரளவு நிர்வாகப் பணி நடந்ததால் அந்நிறுவனம் அங்கும் வசித்தது என்பது ஒன்று. லண்டனில் பதிவாகியிருப்பதும் அதனோடு வரும் சட்டக் கடமைகளுமே வசிப்பிடத்தைத் தந்துவிடும் என்பது மற்றொன்று. எகிப்தியன் டெல்டா வழக்கில் வரித்துறைக்குத் தேவைப்பட்டது இரண்டாவது பொருள். ஏனெனில் லண்டனில் காசோலை எழுதும் குழு எதுவும் இந்நிறுவனத்துக்கு இல்லை. பெயர்ப்பதிவேடும் முகவரியுமே இருந்தன.

1928இல் பிரபுக்கள் சபை அந்தப் பொருளை மறுத்தது. முதன்மையான தீர்ப்புரையை வழங்கியவர் வைகவுண்ட் சம்னர். அவருடைய வாதத்தின் சாரம் இது. பதிவு அலுவலகம், பதிவேடுகள், ஆண்டறிக்கை ஆகியவை பதிவு பெற்ற எல்லா நிறுவனங்களுக்கும் சட்டம் விதிக்கும் கடமைகள். இவையே வசிப்பிடத்தை உண்டாக்கும் என்றால் இங்கிலாந்தில் பதிவான ஒவ்வொரு நிறுவனமும் என்றென்றும் அங்கே வசிப்பதாகிவிடும். அப்படி ஒரு விதி வேண்டுமானால் அதை ஒரே வரியில் எழுத நாடாளுமன்றத்தால் முடியும், எழுதவில்லை. அரை நூற்றாண்டாக நீதிமன்றங்களும் பதிவை விட்டு நிர்வாகத்தைத் தேடியே வந்துள்ளன. ஸ்வீடிஷ் வழக்கில் லண்டனில் உண்மையான நிர்வாகப் பணி நடந்தது என்ற செய்தி முடிபாக இருந்தது. இங்கே அத்தகைய முடிபுக்கு இடமில்லை. ஆகவே நிறுவனம் ஐக்கிய இராச்சியத்தில் வசிக்கவில்லை.

இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால் கோடு எவ்வளவு மெல்லியது என்பது புலப்படும். பங்குமாற்றக் குழு ஒன்றும் காசோலைக் கையொப்பமும் ஒரு நிறுவனத்தை லண்டனில் வசிக்க வைத்தன. பெயர்ப்பதிவேடும் முகவரியும் இன்னொன்றை வசிக்க வைக்கவில்லை. ஸ்வீடிஷ் தீர்ப்பைச் சம்னர் நிராகரிக்கவில்லை, ஆனால் அதைச் சுற்றி வேலி போட்டுவிட்டார் என்பதே என் வாசிப்பு. பிற்கால வழக்குகளில் அத்தீர்ப்பு ஓர் இடர்ப்பாடான விதிவிலக்காகவே கையாளப்பட்டது இதை உறுதிசெய்கிறது.

எகிப்தியன் டெல்டா தீர்ப்பை வரிப்புகலிடங்களின் ஊற்றுக்கண்களுள் ஒன்றாகச் சால் பிச்சோட்டோவும் ரோனன் பாலனும் காண்கின்றனர். நிறுவனத்தின் சட்டப் பிறப்பிடத்தை அதன் பொருளியல் வாழ்விலிருந்து பிரிக்க இத்தீர்ப்பு வழிகாட்டியது; பிரித்தானியச் சட்டமரபைப் பின்பற்றிய குடியேற்றங்களில் அவ்வழி பயன்பட்டது; பெர்முடா, பஹாமாஸ் போன்ற இடங்களில் பதிவு மட்டும் செய்துகொண்டு தொழிலைப் பிற நாடுகளில் நடத்தும் நிறுவனங்கள் பெருகின என்பது இக்கருத்தின் போக்கு. விளைவைப் பொறுத்தவரை இதை மறுப்பதற்கில்லை. ஆனால் தோற்றத்தைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. பதிவு முக்கியமில்லை, நிர்வாகமே முக்கியம் என்ற கோட்பாட்டை வென்றெடுத்தது வரித்துறைதான். அதுவும் 1906இல், வரியைக் கூட்டுவதற்காக. 1928இல் நீதிபதிகள் செய்தது அதே கோட்பாட்டை எதிர்த்திசையிலும் நேர்மையாகப் பொருத்தியதுதான். அரசு தனக்குச் சாதகமாக வெட்டிய வாய்க்காலில் நீர் மறுபக்கமும் ஓடிற்று.

கொழும்பும் சென்னையும்

இக்கோட்பாடு தமிழர் வணிகத்தையும் தொட்டது. 1922ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 4ஏ பிரிவு, டி பீர்ஸ் வழக்கின் 'கட்டுப்பாடும் நிர்வாகமும்' என்ற சொற்களை எடுத்துக்கொண்டு இரு திசைகளில் பயன்படுத்தியது. நிறுவனமானால், கட்டுப்பாடும் நிர்வாகமும் முழுவதும் பிரித்தானிய இந்தியாவில் இருந்தாலோ, வருமானத்தில் பெரும்பகுதி அங்கே எழுந்தாலோ அது வசிக்கும் நிறுவனம். இந்துக் கூட்டுக்குடும்பமானால், அவை முழுவதும் வெளியே இருந்தாலன்றி அது வசிக்கும் குடும்பம். அதாவது நிறுவனம் ஓரளவு வெளியே நிர்வகிக்கப்பட்டாலே தப்பிக்க வழியுண்டு. குடும்பம் ஓரளவு உள்ளே நிர்வகிக்கப்பட்டாலே அகப்பட்டுக்கொள்ளும். கடல் கடந்து வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் பலர் தொழிலைக் கூட்டுக்குடும்பமாகவே நடத்தினர் என்பதை நினைத்தால் இவ்வேறுபாட்டின் எடை விளங்கும்.

1950 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த சுப்பையா செட்டியார் வழக்கு இதற்குச் சான்று. குடும்பத் தலைவர் இலங்கையில் வாழ்ந்து கொழும்பில் தொழில் நடத்தினார். 1941–42 கணக்காண்டில் ஏழு முறை இந்தியா வந்து மொத்தம் 101 நாள் தங்கினார். அந்நாள்களில் வழக்கு விவகாரங்களையும் வரி விவகாரங்களையும் கவனித்தார். நீதிபதி பசல் அலி, கட்டுப்பாடும் நிர்வாகமும் என்பது செயல்களை வழிநடத்தும் தலைமை அதிகாரத்தைக் குறிக்கும் என்றும், அது ஓரிடத்தில் ஓரளவு நிலையாக இயங்கவேண்டும் என்றும், ஆயினும் அது இரண்டு இடங்களில் பிரிந்திருக்கக் கூடும் என்றும் விளக்கினார். பிரிந்திருக்கக் கூடும் என்ற கருத்துக்கு ஸ்வீடிஷ் ரயில்வே தீர்ப்பு பின்புலமாக நின்றது. அந்த 101 நாள்களிலும் தலைமை முழுவதும் கொழும்பிலேயே இருந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை செட்டியாருடையது. அதற்குப் போதிய சான்று அளிக்காமையால் அவர் தோற்றார். கெய்ரோ நிறுவனம் வென்றதற்கும் இவர் தோற்றதற்கும் உள்ள இடைவெளியில் தொழிலின் தன்மைக்கு இடம் குறைவு. நிறுவனத்தின் கூட்டங்கள் தேதியிட்டுக் குறிப்பேட்டில் ஏறுகின்றன. குடும்பத் தலைவரின் முடிவுகள் அவருடனேயே பயணம் செய்கின்றன.

கதவை மூடும் முயற்சிகள்

லண்டன் அரசு எகிப்தியன் டெல்டா தீர்ப்பை உடனே சட்டத்தால் மாற்றவில்லை. 1951 நிதிச் சட்டத்தின் 36ஆம் பிரிவு வேறு வழியை மேற்கொண்டது. வசிப்பிடம் எது என்ற வரையறையை அது தொடவில்லை; ஆனால் ஐக்கிய இராச்சியத்தில் வசிக்கும் நிறுவனம் கருவூலத்தின் ஒப்புதலின்றி வெளியேறுவதைக் குற்றமாக்கியது. சம்னரின் விதி அப்படியே நின்றது. அதைப் பயன்படுத்த முற்படும் இயக்குநர் மட்டும் சிறையை எண்ணிப் பார்க்கவேண்டியதாயிற்று.

ஆவணமும் உண்மையும் வேறுபடும்போது எதை நம்புவது என்ற கேள்விக்கு 1959இல் விடை கிடைத்தது. யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் என்ற கட்டுமான நிறுவனமும் கென்யாவில் பதிவான மூன்று நிறுவனங்களும் ஆல்பிரட் பூத் என்ற லண்டன் தாய்நிறுவனத்தின் கிளைகள். கென்ய நிறுவனங்களின் விதிகள், இயக்குநர் கூட்டம் ஐக்கிய இராச்சியத்துக்கு வெளியேதான் நடக்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்லின. ஆனால் தொழில் நலிந்தபோது தாய்நிறுவனத்தின் லண்டன் இயக்குநர்கள் எல்லா முடிவுகளையும் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டனர். கென்ய இயக்குநர்கள் ஒதுங்கிநின்றனர். இதில் ஒரு நகைமுரண் உண்டு. கென்ய நிறுவனங்கள் லண்டனில் வசிப்பவை என்று வாதிட்டது வரித்துறை அன்று, வரி செலுத்துவோரே. நலிந்த கென்ய நிறுவனங்களுக்கு யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்த உதவித்தொகையை அது தன் இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டுமானால், அந்நிறுவனங்கள் ஐக்கிய இராச்சியத்தில் வசிப்பவையாக இருக்கவேண்டும். விதிகளுக்கு மாறாக நிர்வாகம் நடந்தது என்பதையே அவர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துவைத்தனர். பிரபுக்கள் சபை ஏற்றது: நிர்வாகம் எங்கே நடந்திருக்கவேண்டும் என்பதைவிட எங்கே நடந்தது என்பதே கேள்வி.

ஆய்வாளருக்கு இவ்வழக்கு ஒரு முறைமையையும் தருகிறது. ஒரு பழைய நிறுவனம் உண்மையில் எங்கிருந்து நடத்தப்பட்டது என்று அறிய, அதன் விதிகளையும் தலைப்புத்தாளில் அச்சிட்ட முகவரியையும் நம்பக்கூடாது. கடன் வாங்கும் முடிவு, இலாபப்பங்கு அறிவிப்பு, மேலாளர் நியமனம் போன்ற பெரிய முடிவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் முதலில் எந்த நகரில் எழுதப்பட்ட கடிதத்தில் தோன்றுகிறது என்று பார்க்கவேண்டும். கிளை அலுவலகத்தின் கூட்டக் குறிப்பேடு, தலைமையிடத்திலிருந்து வந்த கடிதத்தின் சொற்களையே சில நாள் கழித்துத் தீர்மானமாகத் திருப்பிச் சொல்லுமானால், அந்தக் கூட்டம் வெறும் சடங்கு. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை வைத்திருந்த 'ஸ்டெர்லிங் கம்பெனிகள்' பலவற்றில் உள்ளூர் முகவர் நிறுவனத்துக்கும் லண்டன் குழுவுக்கும் இடையே அதிகாரம் எவ்வாறு பகிரப்பட்டது என்பது இம்முறையில் கேட்கப்படவேண்டிய கேள்வி.

கருவூல ஒப்புதல் என்ற பூட்டும் நிலைக்கவில்லை. 1984இல் 'டெய்லி மெயில்' இதழின் உரிமை நிறுவனம், பிரித்தானிய நிறுவனமாகவே இருந்துகொண்டு மைய நிர்வாகத்தை மட்டும் நெதர்லாந்துக்கு மாற்ற விழைந்தது. தன்னிடமிருந்த முதலீடுகளை விற்கும்போது பிரித்தானிய மூலதன ஆதாய வரியைத் தவிர்ப்பது நோக்கம். 1907இல் கெய்ரோவுக்குப் போன நிறுவனம் நிலத்தைத் தேடிப் போயிற்று. இந்நிறுவனத்துக்கு நெதர்லாந்தில் நிலமும் இல்லை, சுரங்கமும் இல்லை, கூட்ட அறை ஒன்றே தேவைப்பட்டது. ஐரோப்பியச் சமூக ஒப்பந்தம் தரும் தொழில் நிறுவும் உரிமையின்படி ஒப்புதலே தேவையில்லை என்று அது வாதிட்டது. 1988 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறுவனம் என்பது தேசியச் சட்டத்தின் படைப்பு. அதைப் படைத்த சட்டம் விதிக்கும் எல்லைக்குள்தான் அது நகர முடியும் என்பது அத்தீர்ப்பின் அடித்தளம்.

அதே ஆண்டின் நிதிச் சட்டத்தில், 66ஆம் பிரிவாக, நாடாளுமன்றம் அந்த ஒரு வரியை எழுதிவிட்டது. 1988 மார்ச் 15 முதல், ஐக்கிய இராச்சியத்தில் பதிவான நிறுவனம் அங்கே வசிப்பதாகவே வரிச்சட்டத்தின் பொருட்டுக் கொள்ளப்படும். எழுதப்படலாம் என்று சம்னர் சுட்டிய அறுபதாவது ஆண்டில் அது எழுதப்பட்டது. வெளிநாட்டில் பதிவான நிறுவனங்களுக்கு மட்டும் டி பீர்ஸ் விதி தொடர்ந்தது. ஏற்கெனவே வெளியே நிர்வகிக்கப்பட்டு வந்த பிரித்தானிய நிறுவனங்களுக்கு 1993 மார்ச் 15 வரை ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. கருவூலத்தின் தனி ஒப்புதலுடன் முன்பே வெளியேறித் தொழில் நடத்திவந்தவை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்த அவகாசத்துக்குப் பின்னும் வெளியிலேயே இருக்க அனுமதிக்கப்பட்டன.